எழுபத்திரண்டின் கீழே ஒரு கோடு

அந்தக் கேள்வியை எடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நானே அப்படி ஆரம்பித்தால் எனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும். ஏற்கெனவே அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. தலையை நிமிர்த்தி நடந்தால் நெற்றியில் இடிக்கும். அதில் நான்கு மேஜைகள். ஜன்னல் ஓரம் என்னுடையது. எனக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில், சாக்பீஸின் மேஜை. ஒல்லியாக, வெள்ளை வெளேரென்று, எப்போது பார்த்தாலும் கையிலும் புடவையிலும் சுண்ணாம்புத் தூளோடு இருப்பாள் என்பதால் நான் வைத்த பெயர். பதினோரு வருடமாக அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அவள் என்னை 'ஏண்டி' என்றுதான் கூப்பிடுவாள். அதற்குமேல் ஒரு பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு. அவள் ஆறிலிருந்து எட்டு வரை. நான் நிரந்தரம். அவள் தற்காலிகம். தற்காலிகம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் முந்தின நாள் அவளை வேலையிலிருந்து விடுவித்ததாக ஒரு காகிதம் கொடுப்பார்கள். பள்ளி திறந்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டதாக இன்னொரு காகிதம். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்களெல்லாம் முதல் பக்கத்தில் அச்சில் இருக்கும். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இருக்கும். பதினோரு வருடமும் பென்சிலில்தான்.

அவளுடைய கணவர் மகளுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அவளும் மகளும் மட்டும். நிரந்தர வேலைக்கான தேர்வை நான்கு முறை எழுதியிருந்தாள். ஐந்தாவது முறைதான் கடைசி. அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும்.

"இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா என்னடி பண்ணுவேன்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஊத்திக்காது. ஊத்திக்கிற மூஞ்சியா அது?"

"மூஞ்சியப் பாத்தா மார்க் போடறாங்க?"

"உனக்குப் போடுவாங்க. பாவம்னு."

அவள் டஸ்டரை எடுத்து என் மேல் எறிந்தாள். அடுத்த இரண்டு பீரியடும் முதுகில் வெள்ளைக் கட்டத்தோடு பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளையாவது சொல்ல வேண்டுமே!

அந்த வருடத் தேர்வின் கணக்குப் பகுதிக்குக் கேள்விகளை எடுத்துக் கொடுக்கும்படி தேர்வு வாரியத்திலிருந்து எனக்குத்தான் கடிதம் வந்தது. ரகசியக் கடிதம். உங்கள் ரத்த உறவோ திருமண உறவோ யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் எதிரே உட்காருகிறவளைப் பற்றி அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. போட்டேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்? நம்மையும் மதித்து ஒருத்தன் கூப்பிடுகிறான் என்ற நினைப்பு. வீட்டில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சாக்பீஸிடம் பொய் சொல்லிவிட்டு, மூன்று நாள் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், போனைப் பிடுங்கிக்கொண்ட ஒரு அறையில் உட்கார்ந்து எடுத்தேன். அவளோ என் மாமியாருக்குப் பழம் வாங்கி வைத்திருந்தாள்.

கேள்வி எடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. தப்பான விடைகளைச் சும்மா வாய்க்கு வந்தபடி கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு தப்பு ஒளிந்திருக்க வேண்டும். எழுபத்து மூன்றாவது கேள்வியை நான் காகிதத்தில் இப்படி எழுதினேன்: முதலில் பத்து, கூட்டல். அடுத்து ஒரு பின்னம்: மேலே எழுபத்திரண்டு, நடுவில் நீளமாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 2(7 − 4)². அப்புறம் கழித்தல் 2³.

அடைப்புக்குறிக்குள் மூன்று. அதன் வர்க்கம் ஒன்பது. அந்த வர்க்கம் அடைப்புக்குறிக்கு மட்டும்தான், வெளியே நிற்கும் இரண்டுக்கு இல்லை. ஆகவே கீழே இரண்டு ஒன்பது பதினெட்டு. எழுபத்திரண்டில் பதினெட்டு நான்கு முறை. இரண்டின் கனம் எட்டு. பத்தும் நாலும் பதினான்கு, எட்டு போக ஆறு. விடை 6.

வர்க்கத்தை இரண்டுக்கும் சேர்த்துப் போடுகிறவனுக்குக் கீழே முப்பத்தாறு வரும். அவனுக்கு விடை 4. இரண்டின் கனத்தை மும்முறை இரண்டு, ஆறு என்று போடுகிறவனுக்கு 8. கோட்டுக்குக் கீழே இருப்பதை மொத்தமாகப் பார்க்காமல் எழுபத்திரண்டை இரண்டால் மட்டும் வகுத்துவிட்டு ஒன்பதால் பெருக்குகிறவனுக்கு முந்நூற்று இருபத்து நாலு. பத்தைக் கூட்டி எட்டைக் கழித்தால் 326. நான்கு விடை, மூன்று வலை. எனக்கே என்னை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் தட்டச்சு ஆகி வந்தது. தட்டச்சு செய்தவர் இடம் மிச்சம் பிடிக்கிறவர் போலிருக்கிறது. பின்னங்களையெல்லாம் ஒரே வரியில் படுக்க வைத்திருந்தார்:

10 + 72 ÷ 2(7 − 4)² − 2³

சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. போட்டுப் பார்த்தேன். ஆறு வந்தது. கையெழுத்துப் போட்டேன். தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை. என் மனதில் இருந்த கோட்டைத்தான் படித்தேன். வேறு யார் பார்த்திருந்தாலும் அங்கே கோடு இல்லை என்று தெரிந்திருக்கும். எழுதினவளுக்குத் தெரியவில்லை.

தேர்வு முடிந்த மறுநாள் சாக்பீஸ் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"பேப்பரப் பத்திப் பேசின, பல்லப் பேத்துடுவேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. போன முறை வாரியம் முதலில் வெளியிட்ட விடைக்குறிப்பை வைத்து எண்ணிப் பார்த்து, வேலை கிடைத்துவிட்டது என்று மகளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். பிறகு ஆட்சேபணை, திருத்தம் என்று இரண்டு விடைகள் மாறி, எண்ணிக்கை சரிந்துவிட்டது. அந்த அடி இன்னும் ஆறவில்லை. இந்த முறை தன் விடைத்தாளின் கார்பன் நகலை ஒரு உறையில் போட்டு, நாலு பக்கமும் ஒட்டி, என் கையில் கொடுத்தாள்.

"இத உன் டிராயர்ல வச்சுப் பூட்டு. நானே வந்து கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காத."

"அப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கணக்கு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "முழுசா வரும்டி. சின்னப் பசங்களுக்கு நான் நடத்துறதுதான் அத்தனையும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. என் வலைகளில் ஒன்றில்கூட அவள் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உறையை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாரியத்திலிருந்து எனக்கு ஒரு கட்டு வந்தது. விடைக்குறிப்பு மீது வந்த ஆட்சேபணைகள். கணக்குப் பகுதியில் மொத்தம் அறுபத்தெட்டு. அதில் அறுபத்து மூன்று ஒரே கேள்விக்கு. எழுபத்து மூன்று. 'விடை 326 என்பதே சரி' என்று எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பாடநூலின் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தார்கள். ஒருவர் இரண்டு கால்குலேட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டிலும் அதே வரி. ஒன்றில் 6. இன்னொன்றில் 326.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். கோடு இல்லை.

கோடு இருந்தால் அது அடைப்புக்குறி மாதிரி. கீழே இருப்பதையெல்லாம் ஒன்றாகக் கட்டிப்போடும். கோட்டை எடுத்துவிட்டு ஒரே வரியில் எழுதினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். மறுபடி கட்ட 72 ÷ (2(7 − 4)²) என்று இன்னொரு அடைப்புக்குறி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. போடாதபோது, பள்ளிக்கூட விதிப்படி அடைப்புக்குறி முதலில், அடுக்கு அடுத்தது, அதன்பின் வகுத்தலும் பெருக்கலும் சம அந்தஸ்தோடு இடமிருந்து வலமாக. எழுபத்திரண்டை இரண்டால் வகு, முப்பத்தாறு, ஒன்பதால் பெருக்கு. 326 வரத்தான் செய்யும்.

கோட்டை விட்டுவிட்டேன், கேள்வி தப்பு, இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று எழுத மூன்று வரி போதும். பேனாவை எடுத்தேன். ஆனால் அப்படி எழுதினால் என் பெயருக்கு எதிரே 'குறைபாடுள்ள வினா' என்று எழுதுவார்கள். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். மாணவர்களின் ஒவ்வொரு கமாவையும் பிடித்து உலுக்குகிற நான், ஒரு கோட்டைக் கோட்டைவிட்டவள் என்று யாரோ ஒரு அலுவலகத்தில் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

நான் சொல்வதில் நியாயமே இல்லாமலும் இல்லை என்பதுதான் வினை. மேல் வகுப்பு இயற்கணிதத்தில் a ÷ bc என்று எழுதினால் a-ஐ b-ஆல் வகுத்து c-ஆல் பெருக்கு என்று பலரும் படிப்பதில்லை. bc-ஐ ஒரே பொருளாக எடுத்துக்கொள்வார்கள். நடுவில் பெருக்கல் குறி போடாமல் ஒட்டி நிற்பவை முதலில் பெருக்கப்படும் என்று சில புத்தகங்கள் சொல்கின்றன, சில கால்குலேட்டர்கள் செய்கின்றன. சில சொல்வதில்லை, செய்வதில்லை. ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட ஒரே விதி என்று எதுவும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல தமிழில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுதினேன். வாரியம் ஏற்றுக்கொண்டது. விடை 6 என்பது உறுதியாயிற்று.

இவ்வளவும் நடக்கும்போது அந்த உறை என் டிராயரில் இருந்தது.

முடிவு வந்த அன்று மதிய இடைவேளையில் பார்த்தோம். எங்கள் மாவட்டத்தில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண் 108. சாக்பீஸுக்கு 107.

அவள் உடனே அழவில்லை. "ஒண்ணா?" என்று கேட்டாள், கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி. "ஒரே ஒண்ணா?" பிறகு, "அந்த உறையக் குடு" என்றாள்.

டிராயரைத் திறந்து கொடுத்தேன். அவள் வினாத்தாளையும் இறுதி விடைக்குறிப்பையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட ஆரம்பித்தாள். மற்றப் பாடங்களில் விட்டதெல்லாம் விட்டதுதான், அவளுக்கே தெரியும். கணக்குக்கு வந்தாள். அறுபது. அறுபத்தைந்து. எழுபது. டிக், டிக், டிக். எழுபத்து மூன்றில் பேனா நின்றது.

"ஆறா? எப்படிடி ஆறு வரும்?"

அவள் கையருகே இருந்த ஒரு ஏழாம் வகுப்புத் தேர்வுத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் போட ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், வாய்விட்டு.

"முதல்ல அடைப்புக்குறி. ஏழுல நாலு போனா மூணு. அப்புறம் அடுக்கு. மூணோட வர்க்கம் ஒம்பது, ரெண்டோட கனம் எட்டு. இப்ப வகுத்தல், பெருக்கல், எது முன்னாடி வருதோ அது. எழுபத்திரண்டு வகுத்தல் ரெண்டு, முப்பத்தாறு. முப்பத்தாறு ஒம்பது முந்நூத்தி இருபத்தி நாலு. பத்தக் கூட்டு, எட்டக் கழி." பேனாவை வைத்தாள். "முந்நூத்தி இருபத்தி ஆறு. எங்கடி தப்பு பண்ணேன்? நீயே சொல்லு."

"தப்பு இல்ல" என்றேன்.

"அப்புறம் எப்படி ஆறு?"

"வேற மாதிரியும் பாக்கலாம். ரெண்டும் அந்த அடைப்புக்குறியும் ஒட்டி நிக்குதுல்ல. சில பேரு அத ஒண்ணா எடுத்துக்குவாங்க."

"சில பேரா? நான் ஏழாம் கிளாசுல வருஷா வருஷம் சுவத்துல எழுதி ஒட்டி வச்சுச் சொல்லிக் குடுக்கறேன். என் பசங்க எழுதியிருந்தாக்கூட முந்நூத்தி இருபத்தி ஆறுதான் போட்டிருப்பாங்க."

ஆட்சேபணைகளுக்கு வாரியம் கொடுத்த பதில்களை வலைத்தளத்தில் ஏற்றியிருப்பார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போனில் தேடி எடுத்தாள். நான் தடுத்திருக்கலாம். எதைச் சொல்லித் தடுப்பது? எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் உரக்கப் படித்தாள். முதலில் கிண்டலாகத்தான் படித்தாள். அழுகை வரும்போது கிண்டல் செய்வது அவள் வழக்கம்.

"'தொடக்க வகுப்புகளின் விதியோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்த வினா கடினமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.' அடேங்கப்பா! யாருடி இந்த மேதாவி? 'ஆசிரியப் பணிக்கு வர விரும்புவோர் ஒரு கோவையை முழுமையாகக் காணும் பக்குவம் பெற்றிருக்க வேண்டும்.' எவ்வளவு திமிரு பாரு. பக்குவமாம்! பதினோரு வருஷம் பக்குவம் இல்லாமத்தான் நடத்திட்டு இருக்கேனா? 'ஒட்டி நிற்பவற்றைப் பிரித்துப் போடுவது கணக்கு அல்ல...'"

அங்கே நிறுத்தினாள்.

அடுத்த சொல் 'கசாப்பு'. நான் என் வகுப்பில் இருபது வருடமாகச் சொல்வது. அது கணக்கு இல்லடா, கசாப்பு. பக்கத்து வகுப்பிலிருந்து அதைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். வீட்டில் மகளிடம் சொல்லிச் சிரித்ததாக என்னிடமே சொல்லியிருக்கிறாள். அலுவலகத்தில் யாராவது அந்த வார்த்தையை அடித்து நீக்கியிருக்கலாம். யாரும் படித்துப் பார்க்கவில்லை போலும்.

அவள் அந்தச் சொல்லை வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

மணி அடித்தது. அவளுக்கு அடுத்தது ஏழாம் வகுப்பு. எழவில்லை.

"கோடு போட்டுத்தான் எழுதினேன்" என்றேன். "சத்தியமா. பின்னமா எழுதினேன். டைப் பண்ணவங்க ஒரே வரியில போட்டுட்டாங்க. நான் பாத்தப்ப எனக்குத் தெரியல. என் கண்ணுக்குக் கோடு இருந்துச்சு."

"சரி" என்றாள். "அது யாருக்கு வேணா நடக்கும். நானும் போர்டுல தப்பா எழுதுவேன், பசங்க சொன்னாத்தான் தெரியும். அது ஒண்ணும் இல்ல." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இதை எழுதறப்ப தெரிஞ்சுதா? இந்த ரெண்டு பக்கம் எழுதறப்ப?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்தவளிடம் பொய் நிற்காது.

"தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள். "நீ தப்புப் பண்ணது எனக்கு வலிக்கலடி. நான் சரியாத்தான் போட்டேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே, எனக்குப் பக்குவம் இல்லன்னு எழுதியிருக்க."

"உன்ன நினைச்சு எழுதல."

"அதான். என்ன நினைக்கவே இல்ல." கார்பன் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் வழக்கம்போல் கேட்டது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு. நான் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அந்த மூன்று வரியை இப்போது எழுதி எடுத்துக்கொண்டு. பிரிவு அலுவலர் நல்ல மனிதர்; உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், இறுதி விடைக்குறிப்பு வந்தாச்சு, பட்டியல் வந்தாச்சு, நாளன்னைக்கு பணி ஆணை போகுது. இப்ப வந்து கேள்வி தப்புன்னு சொன்னா எப்படி?"

"தப்புதான் சார். நான்தான் எடுத்தேன், நான்தான் சொல்றேன். ரெண்டு விடையும் வரும்."

"அன்னைக்கு நீங்கதானே வராதுன்னு எழுதினீங்க?"

அவர் கோப்பைத் திறந்து என் இரண்டு பக்கங்களையும் காட்டினார். அதற்கு அடியில் ஒரு சின்னத் தாள் செருகியிருந்தது. கணக்குக் குழுவின் இன்னொரு உறுப்பினர் எழுதியது, ஆட்சேபணை வந்த அதே வாரத் தேதி. 'வகுத்தலுக்குப் பின் அடைப்புக்குறி இல்லை. படிப்பவரைப் பொறுத்து இரண்டு விடைகளும் வரும். இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கலாம்.'

"இதத்தான் ஏத்துக்கறதா இருந்தோம்" என்றார் அலுவலர். "உங்க பதில் வந்துச்சு. எடுத்தவங்களே இவ்வளவு உறுதியாச் சொல்றாங்களேன்னு உங்களுதை வச்சே முடிவு பண்ணிட்டோம். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க மேடம்."

என் வாழ்க்கையில் யாரும் என் முகத்தில் அப்படிக் காறித் துப்பியதில்லை. அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கடிதத்தை வாங்கிக்கொண்டு முத்திரை வைத்து நகல் கொடுத்தார். இனி எந்தத் தேர்வுப் பணிக்கும் என்னை அழைப்பதில்லை என்று பின்னால் ஒரு ஆணை வந்தது. பட்டியல் மாறவில்லை.

அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கு நிரந்தர ஆசிரியை ஒருத்தி வந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நிரந்தரம் வந்துவிட்டால் தற்காலிகத்துக்கு இடம் இல்லை. சாக்பீஸுக்கு விடுவிப்புக் காகிதம் கொடுத்தார்கள், இந்த முறை கோடை விடுமுறைக்குக் காத்திராமல். கடைசி நாள் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். வகுப்பு முடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை எழுத்தர் ரப்பரால் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. நாற்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முத்திரை வைத்த அந்த நகலை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ முறை போன வீடுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய், பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற வீடு. அன்றைக்கு அழைப்பு மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். கையில் சுண்ணாம்பு இல்லை. உள்ளே கூடத்தில் மகள் தையல் மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

"வாங்க" என்றாள் சாக்பீஸ்.

பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்திருந்தேன், கதவைச் சாத்துவாள் என்றுகூட நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்தேன்.

"உக்காருங்க. டீ போடட்டுமா?"

"நான் போய் எழுதிக் குடுத்துட்டேன்" என்று தாளை நீட்டினேன். "கேள்வி தப்புன்னு. நீ போட்டது சரின்னு எழுதியிருக்கேன், பாரு."

அவள் வாங்கினாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். அவள் எதையும் அரைகுறையாகப் படிக்க மாட்டாள். பிறகு அழகாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்க வேண்டாம்."

"ஏண்டி இப்படிப் பேசற? திட்டு. டஸ்டர் இருந்தா எடுத்து எறி."

அவள் சிரிக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை. "உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீ கொண்டு வந்தாள். விருந்தினருக்கென்று அலமாரியில் வைத்திருக்கிற கப்பும் சாசருமாக. நான் குடித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை வருமா என்று பேசினோம். வரும் போலிருக்கிறது என்றாள். நான் எழுந்தபோது வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.